லாபம் 160 கோடி, பணம் எங்கே?

கேள்வி: ஈரோட்டில் மருந்துக் கடை நடத்துகிறேன். பம்பு செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கலாம் என்று இருக்கிறேன். அதன் நிகர லாபம் மூன்று ஆண்டுகளில் 40, 52, 68 கோடி ரூபாய் என்று ஏறியிருக்கிறது. கடனும் பங்குதாரர்களின் நிதியில் 0.6 மடங்குதான் என்று ஒரு இணையதளம் காட்டுகிறது. வாங்குவதற்கு முன் இருப்புநிலைக் குறிப்பையும் பணப்புழக்க அறிக்கையையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஆண்டறிக்கையைத் திறந்தால் 200 பக்கத்துக்கு மேல் இருக்கிறது. எந்தப் பக்கத்தில் தொடங்குவது? இந்த லாபம் நிஜமா, கடன் உண்மையிலேயே குறைவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூன்று ஆண்டு அறிக்கைகளையும் இணைத்திருக்கிறேன். - ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அறிக்கைகளைப் படித்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எண்களை முழுக் கோடிகளாக்கி, சில்லறை இனங்களை விட்டுவிட்டேன். நான் தணிக்கையாளன், பங்கைப் பரிந்துரைப்பது என் வேலை அல்ல. ஆனால் இந்தக் கணக்கு என்ன சொல்கிறது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் லாபநட்டக் கணக்கை மூடி வையுங்கள். பணப்புழக்க அறிக்கையைத் திறந்து, 'தொழில் நடவடிக்கைகளிலிருந்து வந்த நிகரப் பணம்' என்ற ஒரே ஒரு வரியை மூன்று ஆண்டுகளுக்கும் எடுத்துக் கூட்டுங்கள். 48, 35, 22. மொத்தம் 105 கோடி. ஒரே ஆண்டை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். மார்ச் 30-ஆம் தேதி ஒரு பெரிய வாடிக்கையாளரிடமிருந்து பணம் வந்தாலோ, சப்ளையருக்குத் தர வேண்டியதை ஏப்ரலுக்குத் தள்ளினாலோ அந்த ஆண்டின் எண் அழகாகிவிடும். மூன்று ஆண்டுக் கூட்டுத்தொகையில் இந்த வித்தை எளிதில் எடுபடாது.

இதே மூன்று ஆண்டுகளின் நிகர லாபம் 160 கோடி. 160-க்கு 105 என்றால் மூன்றில் இரண்டு பங்கு பணமாக வந்திருக்கிறதே, பரவாயில்லையே என்று தோன்றும். இந்த இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். நம் நாட்டில் பட்டியலிட்ட நிறுவனங்கள் பின்பற்றும் கணக்கியல் தரநிலை 7-இன்படி, வங்கிக்குக் கட்டிய வட்டி தொழில் நடவடிக்கைப் பகுதியில் கழிக்கப்படாது. அறிக்கையின் கடைசிப் பகுதியான நிதி நடவடிக்கைகளில்தான் வரும். வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் மட்டும் இது வேறு. ஆக, நீங்கள் கூட்டிய 105 கோடி வட்டி கட்டுவதற்கு முந்தைய பணம். நிகர லாபமோ வட்டி கழித்த பின் வருவது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியல்ல.

சரியான ஒப்பீட்டுக்கு, லாபத்தோடு தேய்மானத்தையும் வட்டியையும் திரும்பக் கூட்ட வேண்டும். தேய்மானம் கணக்கில் எழுதும் செலவு. அந்த ஆண்டில் யார் கைக்கும் பணம் போகவில்லை. மூன்று ஆண்டுகளில் தேய்மானம் 50 கோடி, வட்டி 75 கோடி. 160, 50, 75 மூன்றும் சேர்ந்து 285 கோடி. விற்ற சரக்குக்கெல்லாம் காசு வந்திருந்தால் ஏறத்தாழ இவ்வளவு பணம் வந்திருக்க வேண்டும். வந்தது 105. மீதி 180 கோடி எங்கே என்பதுதான் உங்கள் கேள்விக்கான உண்மையான தொடக்கம்.

இப்போது இருப்புநிலைக் குறிப்புக்கு வாருங்கள். 2022 மார்ச் 31-ஐயும் 2025 மார்ச் 31-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டிய பாக்கி 110 கோடியிலிருந்து 265 கோடியாகியிருக்கிறது, கூடியது 155. சரக்கு இருப்பு 90-இலிருந்து 160, கூடியது 70. சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியது 70-இலிருந்து 115. அதாவது மற்றவர் பணத்தில் 45 கோடியைச் சமாளித்திருக்கிறார்கள். 155-உம் 70-உம் கூட்டி 45-ஐக் கழித்தால் 180. காணாமல் போன பணம் முழுவதும் வாடிக்கையாளரிடமும் கிடங்கிலும் இருக்கிறது.

உங்கள் கடையில் பக்கத்துக் கிளினிக்குக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு மருந்தைக் கடனுக்குக் கொடுத்தால், பில் போட்ட அன்றே அது விற்பனை, அன்றே லாபம். காசு மூன்று மாதம் கழித்து வரலாம், வராமலும் போகலாம். வருமா வராதா என்று யார் முடிவு செய்கிறார்கள்? பில் போட்டவரேதான். லாபத்தின் தரம் என்பது பெரும்பாலும் அந்த முடிவின் தரம்தான்.

பாக்கி கூடுவது மட்டுமே குற்றம் ஆகாது. விற்பனை கூடினால் பாக்கியும் கூடத்தான் வேண்டும். எத்தனை நாள் விற்பனை பாக்கியாக நிற்கிறது என்று பாருங்கள். 2021-22இல் விற்பனை 430 கோடி, பாக்கி 110. பாக்கியை 365-ஆல் பெருக்கி விற்பனையால் வகுத்தால் 93 நாள். 2024-25இல் விற்பனை 760, பாக்கி 265, 127 நாள். (பாக்கியில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கும், விற்பனையில் சேர்ந்திருக்காது. அதனால் நாள் கணக்கு கொஞ்சம் மிகைப்படும். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது அது பெரிய குறையில்லை.) கடைசி ஆண்டை மட்டும் தனியாகப் பார்த்தால் இன்னும் உறுத்துகிறது. விற்பனை 620-இலிருந்து 760 ஆனது, 140 கோடி கூடியது. அதே ஆண்டில் பாக்கி 175-இலிருந்து 265 ஆனது, 90 கோடி கூடியது.

இதற்கு நிறுவனம் தரக்கூடிய நியாயமான விளக்கங்கள் இரண்டு உண்டு. அவற்றை விசாரிக்காமல் குற்றம் சாட்டக் கூடாது. முதலாவது பருவம். பம்புக்குக் கோடைதான் சீசன். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் டீலர்கள் வாங்கிக் குவிப்பார்கள், மார்ச் 31 அன்று பாக்கி உச்சத்தில் இருப்பது இயல்பு. அப்படியானால் செப்டம்பர் இறுதியில் பாக்கி வடிந்திருக்க வேண்டும். பட்டியலிட்ட நிறுவனங்கள் அரையாண்டு முடிவோடு இருப்புநிலைக் குறிப்பையும் வெளியிட்டாக வேண்டும். அதை பி.எஸ்.இ. தளத்தில் எடுத்துப் பார்த்தேன். 2024 மார்ச்சில் 175 கோடியாக இருந்த பாக்கி செப்டம்பரில் 210 கோடி. கோடை முடிந்தும் ஏறியிருக்கிறது. சீசன் என்ற விளக்கம் இங்கே நிற்கவில்லை.

இரண்டாவது, அரசுத் திட்டம். பி.எம். குசும் திட்டத்தில் விவசாயிகளுக்குச் சூரிய சக்தி பம்பு பொருத்தும் நிறுவனங்களுக்கு மானியப் பகுதி மாநில முகமைகள் வழியாகத்தான் வரும். நிறுவி, ஆய்வு முடிந்து, கோப்பு நகர்ந்து பணம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அந்தப் பாக்கி தாமதமாகும், மூழ்குவது அரிது. அப்படி ஒரு நிறுவனமாக இருந்தால் வட்டிச் சுமையை மட்டும் கணக்கில் கொண்டு மன்னித்துவிடலாம். ஆண்டறிக்கையில் வணிகப் பிரிவுகள் பற்றிய குறிப்பில், மொத்த வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்திருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். இந்த நிறுவனத்தின் குறிப்பில் ஒரு வாடிக்கையாளர் அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறார். ஆனால் அது மாநில முகமை அல்ல.

யார் என்பதைத் 'தொடர்புடைய தரப்பினர்' குறிப்பு சொல்கிறது. ஆண்டறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். பெரும்பாலானவர்கள் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. புரமோட்டர் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு விற்பனை நிறுவனம் 2023-24இல் 30 கோடிக்குச் சரக்கு வாங்கியிருக்கிறது. 2024-25இல் 95 கோடிக்கு. ஆக, கூடிய 140 கோடி விற்பனையில் 65 கோடி புரமோட்டரின் இடது கையிலிருந்து வலது கைக்குப் போனது. ஆண்டு இறுதியில் அந்த நிறுவனம் தர வேண்டிய பாக்கி 6 கோடியிலிருந்து 38 கோடியாகியிருக்கிறது. அது துணை நிறுவனமாக இருந்திருந்தால் ஒருங்கிணைந்த கணக்கில் இந்த விற்பனை கழிந்துபோயிருக்கும், சரக்கு வெளியாருக்கு விற்ற பிறகே லாபம் பதிவாகியிருக்கும். குடும்பத்தின் தனி நிறுவனம் என்பதால் முழுவதும் விற்பனையாகவே நிற்கிறது. அந்தச் சரக்கு கடைசியில் ஒரு விவசாயியின் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்ததா, அல்லது வேறொரு கிடங்கில் அடுக்கி வைத்திருக்கிறார்களா என்பதை இந்த 200 பக்கங்களில் எங்கும் காண முடியாது.

சட்டம் உங்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இந்த அளவு நிறுவனத்தில், தொடர்புடைய ஒருவருடனான பரிவர்த்தனை ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதத்தைத் தாண்டினால் பங்குதாரர்களின் முன் அனுமதி வேண்டும் என்பது செபி விதி; தொடர்புடையவர்கள் அதற்கு ஆதரவாக வாக்களிக்க முடியாது. 95 கோடி அந்த எல்லையைத் தாண்டியது. பொதுக்கூட்ட அறிவிப்பின் விளக்கக் குறிப்பைத் தேடி எடுங்கள். எத்தனை நாள் கடன், மற்ற டீலர்களுக்கும் அதே தவணையா என்பதை அங்கே பாருங்கள். தீர்மானமே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

பாக்கியின் வயதையும் பார்த்துவிடுவோம். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, வர வேண்டிய பாக்கி ஆறு மாதத்துக்குள், ஒரு வருடத்துக்குள், இரண்டு வருடத்துக்குள் என்று வயது வாரியாகப் பிரித்த அட்டவணை கட்டாயம். இங்கே ஆறு மாதம் தாண்டிய பாக்கி ஒரே ஆண்டில் 21 கோடியிலிருந்து 62 கோடியாகியிருக்கிறது. வராமல் போகலாம் என்று ஒதுக்கி வைத்திருப்பது வெறும் 4 கோடி. அந்த 62-இல் பாதி வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்; 31 கோடி. ஒதுக்கிய 4 போக 27 கோடி லாபத்திலிருந்து கழிய வேண்டும். வரிக்கு முந்தைய லாபம் 91 கோடி. கிட்டத்தட்ட 30 சதவீதம் காலி. பாதி என்பது என் ஊகம்தான். ஆனால் நிறுவனத்தின் 4 கோடியும் ஊகம்தான். நீங்கள் பங்குக்குக் கொடுக்கப் போகும் விலை அந்த ஊகத்தின் மேல் நிற்கிறது.

இனி கடன். லாபம் பணமாக வரவில்லை, ஆனாலும் நிறுவனம் நின்றுவிடவில்லை. யார் பணத்தில் ஓடியது? மூன்று ஆண்டுகளில் தொழிலில் வந்த 105 கோடியிலிருந்து வட்டி 75 போனால் மிச்சம் 30. புதிய ஆலைக்கும் இயந்திரங்களுக்கும் 150 கோடி போட்டிருக்கிறார்கள். பங்கு ஈவு 18 கோடி. ஆக 138 கோடி துண்டு விழுகிறது. கையிருப்பும் வங்கி இருப்புமாக 8 கோடியைக் கரைத்தார்கள், மீதி 130 கோடிக்குக் கடன் வாங்கினார்கள். இருப்புநிலைக் குறிப்பில் கடன் 150-இலிருந்து 280 கோடியானது இப்படித்தான்.

ஆலைக்குக் கடன் வாங்குவதில் தவறில்லை. ஆனால் 2024-25ஐ மட்டும் பாருங்கள். தொழிலில் வந்த பணம் 22 கோடி, கட்ட வேண்டியிருந்த வட்டி 33 கோடி. லாபக் கணக்கின்படி வட்டியைப் போல் மூன்றே முக்கால் மடங்கு சம்பாதிக்கிறது இந்த நிறுவனம்; பணக் கணக்கின்படி வட்டியில் மூன்றில் இரண்டு பங்குதான் சம்பாதிக்கிறது. மீதி வட்டியும், அந்த ஆண்டு கொடுத்த 7 கோடி பங்கு ஈவும் கடன் வாங்கிக் கொடுத்தவை. ஈவு கொடுக்கிறார்கள், ஆகவே பணம் இருக்கிறது என்று நினைக்கும் முதலீட்டாளர்கள் நிறையப் பேர்.

இணையதளம் காட்டும் 0.6 எப்படி வருகிறது என்றால், 280 கோடிக் கடனை, பங்குதாரர்களின் நிதியான 460 கோடி நிகர மதிப்பால் வகுக்கிறார்கள். கணக்கு சரி. கேள்வி, 280 தானா கடன் என்பது. இதைச் சோதிக்க நான் எப்போதும் செய்வது ஒரு சின்ன வகுத்தல். ஆண்டுத் தொடக்கத்தில் கடன் 230, முடிவில் 280, சராசரி 255. கடன் பற்றிய குறிப்பில் வட்டி விகிதம் 9 முதல் 9.5 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். 255-க்கு 9.5 சதவீதம் என்றால் 24 கோடி. ஆனால் கணக்கில் உள்ள நிதிச் செலவு 33 கோடி. 9 கோடி அதிகம். வட்டி பொய் சொல்லாது. கடன்தான் எங்கோ குறைத்துக் காட்டப்படுகிறது.

தேடினால் இரண்டு இடங்களில் கிடைத்தது. செப்டம்பர் இறுதி இருப்புநிலைக் குறிப்பில் கடன் 325 கோடி. மார்ச் நெருங்கும்போது வசூலைக் கூட்டி, சப்ளையரைக் காக்கவைத்து, ஓவர்டிராஃப்டை இறக்கி, 31-ஆம் தேதி படம் எடுத்துக்கொள்வது பல நிறுவனங்களின் வழக்கம். மார்ச், செப்டம்பர், மார்ச் மூன்றின் சராசரி 278 கோடி. அதற்கு வட்டி 26 கோடிக்கு மேல். இன்னொரு இடம், சப்ளையருக்குக் கொடுக்க வேண்டிய 115 கோடிக்கான குறிப்பு. அதில் 'அக்செப்டன்ஸ்' என்று 48 கோடி தனியாக இருக்கிறது. சப்ளையருக்கு வங்கி பணம் கொடுத்துவிட்டது, நிறுவனம் வங்கிக்கு 90 அல்லது 180 நாளில் கட்ட வேண்டும், இடைப்பட்ட காலத்துக்கு வட்டி உண்டு. பெயர் சப்ளையர் பாக்கி. குணம் வங்கிக் கடன். அதற்கு 8 சதவீதம் போட்டால் 4 கோடி. மீதி 3 கோடி வங்கிக் கட்டணங்களுக்குப் போயிருக்கலாம். 33 ஓரளவுக்குப் பொருந்திவிட்டது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை, எல்லாம் குறிப்புகளில் எழுதியே இருக்கிறது. ஆனால் 2018 ஜனவரியில் மூழ்கிய பிரிட்டனின் காரில்லியன் கட்டுமான நிறுவனத்தில் இதே வகைப் பாக்கிதான் கடன் என்ற தலைப்புக்கு வெளியே பெரிதாக வளர்ந்து கிடந்தது. வங்கி அந்த வசதியை நிறுத்தினால், சப்ளையர் பாக்கி போல மெதுவாகச் சமாளிக்க முடியாது. ஒரே காலாண்டில் மொத்தமும் கேட்டு நிற்கும். ஆகவே நான் கடனை 328 கோடி என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். நிகர மதிப்பில் 0.71 மடங்கு.

எதிர்மாறான விடையும் சில நிறுவனங்களில் வரும். வகுத்துப் பார்த்தால் வட்டி 4, 5 சதவீதம்தான் இருக்கும். அப்போது மகிழ்ச்சியடைய வேண்டாம். கட்டிக்கொண்டிருக்கும் ஆலைக்கான வட்டியைச் செலவில் போடாமல் சொத்தின் விலையில் ஏற்றியிருக்கிறார்களா என்று, முடிவடையாத பணிகள் பற்றிய குறிப்பில் பாருங்கள். தரநிலையே அதைக் கோருகிறது. ஆலை ஆண்டுக்கணக்கில் 'முடிவடையாமலே' இருந்தால்தான் சந்தேகம். இந்த நிறுவனத்தில் அது இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, உத்தரவாதம். 'எதிர்பாராப் பொறுப்புகள்' என்ற குறிப்பில் 60 கோடிக்கு ஒரு நிறுவன உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்கள். யாருக்காக? அதே குடும்ப விற்பனை நிறுவனத்தின் வங்கிக் கடனுக்காக. இப்போது இரண்டு குறிப்புகளையும் சேர்த்துப் படியுங்கள். நமது நிறுவனம் உத்தரவாதம் தருகிறது, அதைக் காட்டி விற்பனை நிறுவனம் வங்கியில் கடன் வாங்குகிறது, அந்தப் பணத்தில் நமது நிறுவனத்திடம் சரக்கு வாங்குகிறது, நமது நிறுவனம் விற்பனையும் லாபமும் காட்டுகிறது. பணப்புழக்க அறிக்கையில்கூட அது தொழிலில் வந்த பணமாகத்தான் பதிவாகும். அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடப்பதற்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. அந்த நிறுவனம் கடனைக் கட்டாவிட்டால் 60 கோடியும் உங்கள் பங்கு நிறுவனத்தின் தலையில். அதையும் சேர்த்தால் 388 கோடி, 0.84 மடங்கு. 0.6-இலிருந்து வெகு தூரம் வந்துவிட்டோம்.

தணிக்கையாளர் அறிக்கையின் பிற்சேர்க்கையைக் கடைசியாகப் பாருங்கள். முன் பக்கத்தில் 'உண்மையான, நியாயமான தோற்றம்' என்று வரும் வாசகம் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றுதான். தணிக்கையாளர் அறிக்கைக்கான 2020-ஆம் ஆண்டு அரசு ஆணைப்படி எழுதப்படும் பிற்சேர்க்கையில்தான் விஷயம் இருக்கும். வங்கிக்குக் காலாண்டுதோறும் கொடுத்த சரக்கு, பாக்கி விவரமும் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போகிறதா என்று அதில் தணிக்கையாளர் சொல்ல வேண்டும். இங்கே மார்ச் காலாண்டுக்குப் புத்தகத்தில் பாக்கி 265 கோடி, வங்கிக்குக் கொடுத்த விவரத்தில் 227 கோடி. வித்தியாசம் 38. குழும நிறுவனத்தின் பாக்கியை வங்கி விவரத்தில் சேர்க்கவில்லை என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். நியாயமான காரணம்தான்; வங்கிகள் பொதுவாகக் குழும நிறுவனப் பாக்கியின் மேல் கடன் தருவதில்லை, 90 நாள் தாண்டிய பாக்கியையும் பெரும்பாலும் ஏற்பதில்லை. வங்கி ஒரு ரூபாய்கூடக் கடன் தராத பாக்கியிலிருந்து பிறந்த லாபத்துக்கு நீங்கள் பல மடங்கு விலை கொடுக்க வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு இலவச ஆவணம் உண்டு. கிரிசில், இக்ரா, கேர் போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள் வங்கிக் கடனுக்கு மதிப்பீடு தரும்போது இரண்டு மூன்று பக்கக் குறிப்பு வெளியிடுகின்றன. அதில், கடந்த 12 மாதங்களில் வங்கி கொடுத்த வரம்பைச் சராசரியாக எத்தனை சதவீதம் பயன்படுத்தினார்கள் என்று பெரும்பாலும் இருக்கும். உங்கள் நிறுவனத்துக்கு அது 94 சதவீதம். மூச்சு விட இடமில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்த முறை, கணக்கில் உள்ளதை அவர்கள் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள் என்று நம்பியே நடக்கிறது. பண இருப்பையே பொய்யாக எழுதினால் பணப்புழக்க அறிக்கையும் அழகாகவே இருக்கும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, அந்த நிறுவனம் 2008 செப்டம்பர் இறுதியில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. கூடவே, வராத வட்டி 376 கோடியும் 'சேர்ந்த வட்டி' என்று சொத்தில் நின்றது. எனவே பெரிய வங்கி இருப்பைக் காட்டும் நிறுவனத்தில் மேலே சொன்ன வகுத்தலைத் திருப்பிப் போடுங்கள்: வட்டி வருமானத்தைச் சராசரி இருப்பால் வகுத்து, வங்கி வைப்பு விகிதத்துக்குப் பக்கத்தில் வருகிறதா, அந்த வட்டி கைக்கு வந்ததா அல்லது ஆண்டுக்கு ஆண்டு 'சேர்ந்துகொண்டே' இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பம்பு நிறுவனத்தில் இருப்பு 30 கோடிதான். அதிலும் 18 கோடி வங்கி உத்தரவாதங்களுக்கு மார்ஜினாகப் பூட்டிக் கிடக்கிறது. இங்கே அந்தக் கவலை இல்லை. இங்கே உள்ள கவலை வேறு.

வங்கிப் பங்கோ, நிதி நிறுவனப் பங்கோ வாங்கும்போது இந்தக் கணக்கைப் போடாதீர்கள். கடன் கொடுப்பதுதான் அவர்கள் தொழில் என்பதால், நன்றாக வளரும் நிதி நிறுவனத்தின் தொழில் பணம் எதிர்மறையாகவே இருக்கும்.

என் பணமாக இருந்தால் இப்போது வாங்க மாட்டேன். நிறுவனம் மோசடி என்பதால் அல்ல. 68 கோடி லாபத்தில் எவ்வளவு நிலைக்கும் என்பதை இந்த ஆவணங்களைக் கொண்டு சொல்ல முடியவில்லை, சொல்ல முடியாததற்குத் தள்ளுபடியும் விலையில் இல்லை. அரையாண்டு முடிவு நவம்பர் 14-க்குள் வந்துவிடும். அன்று நிகர லாபத்தைப் பார்க்காமல் நேரே மூன்று எண்களுக்குப் போங்கள். வர வேண்டிய பாக்கி 265-இலிருந்து இறங்கியிருக்கிறதா. ஆறு மாதத்தில் தொழிலில் வந்த பணம் அந்த ஆறு மாத வட்டியையாவது தாண்டியதா. கடன் செப்டம்பரில் மறுபடி 325-க்குப் பக்கத்தில் போயிருக்கிறதா. குடும்ப நிறுவனத்துக்கான விற்பனையை அறிய, அரையாண்டுக்கு ஒரு முறை பங்குச் சந்தைக்குத் தனியாகத் தாக்கல் செய்யும் தொடர்புடைய தரப்பினர் விவரத்தை எடுக்க வேண்டும். அதுவும் முடிவுகளோடு அதே நாளில் வரும். 38 கோடி வசூலாகி, உத்தரவாதமும் விலக்கப்பட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள், மறுபடி பார்ப்போம்.